பிரிவு விழா வீடியோவில் எதை வெட்டுவது?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பிரிவு விழாவில் ஐந்து நிமிட வீடியோ காட்ட வேண்டும். நண்பர்கள் அனுப்பிய துண்டுகளோ நாற்பது நிமிடம் ஓடுகின்றன.

ஆடிப்போனவை, ஒரே காட்சியைத் திரும்பக் காட்டுபவை எல்லாம் எளிதில் போய்விடும். ஆசிரியரின் மூன்று நிமிடப் பேச்சில் ஒரே வாக்கியத்தை வைக்கிறாள். அந்தக் குரல் ஓடும்போதே வகுப்பறைக் காட்சிகள் வருகின்றன.

அடுத்த துண்டுதான் சிக்கல். மேடையில் ஒருவன் திக்குகிறான், வகுப்பே சிரிக்கிறது. இருப்பதிலேயே அதிகச் சிரிப்பு வரும் காட்சி அதுதான். ஒலியை நிறுத்திவிட்டு அவன் முகத்தை மட்டும் பார்க்கிறாள். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பொலி மறைத்திருந்தது அப்போதுதான் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு, அவன் கரும்பலகையில் படம் வரையும் நான்கு விநாடிக் காட்சியை வைக்கிறாள்.

ஹாலிவுட் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டு சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல்கள் சொன்னார். அவற்றில் உணர்ச்சிக்கு மட்டும் 51 விழுக்காடு முக்கியத்துவம் தந்தார். பிரிவு விழா வீடியோவில், திரையில் தெரிபவரின் உணர்ச்சியையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வெட்டும்போது யாராவது முழுவதுமாக விடுபடவும் கூடும். அதனால் வருகைப் பட்டியலை வைத்துக்கொண்டு, திரையில் முகம் வந்தவர்களின் பெயரை டிக் செய்கிறாள். மூன்று பெயர்கள் மிஞ்சுகின்றன. குழுப் படங்களில் அவர்களைத் தேடிச் சேர்க்கிறாள். சந்தேகமுள்ள காட்சிகளை, அதில் இருப்பவர்களிடமே விழாவுக்கு முன்பு காட்டிச் சம்மதம் கேட்கிறாள்.