பஸ் வந்து நிற்கும் நேரமே கடைக்கு நல்ல நேரம்

பால்மரம் வெட்டிய தாய்மாரின் நாள் பெரட்டுக்களத்தில் தொடங்கியது. அவர்களுடைய மகள்மாரில் பலருக்கு இன்று நாள் தொடங்குவது தொழிற்சாலை பஸ்ஸில். 1972ஆம் ஆண்டில் பினாங்கு பாயான் லெப்பாசில் மின்னியல் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய நாள் முதல், தோட்டத்துச் சந்தியிலும் பட்டணத்து முனையிலும் விடியுமுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களை நாம் பார்த்து வருகிறோம்.

அதே வீடுகளிலிருந்து இன்னொரு மகளும் புறப்பட்டிருக்கிறாள். அழகுக்கலை படித்துச் சான்றிதழ் வாங்கி, பக்கத்துப் பட்டணத்தில் சிறிய கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து அழகு நிலையம் நடத்துபவள் அவள். காலை பத்துக்குத் திறந்து மாலை ஏழுக்கு மூடுகிறாள். வாடகை போக ஒன்றும் மிஞ்சவில்லை என்கிறாள். கையில் சொந்தச் சம்பளம் வைத்திருக்கும் பெண்கள் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை தொழிற்சாலைக்குள் இருக்கிறார்கள். இரவு ஷிப்ட் பார்த்தவர்கள் அந்நேரம் வீட்டில் உறங்குகிறார்கள். கடை திறந்திருக்கும் ஒன்பது மணி நேரமும், வரக்கூடியவர்கள் வர முடியாத நேரம்தான்.

"அப்படியானால் காலையிலும் இரவிலும் திறந்து, விலையைக் குறைத்துவிட்டால் போகிறது" என்று சொல்லத் தோன்றும். பலரும் அப்படித்தான் செய்து பார்க்கிறார்கள், கைகொடுப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவள் இரண்டு வெள்ளி குறைகிறதே என்று வருவதில்லை. "அக்கா, எட்டேகாலுக்குள்ள முடிஞ்சிருமா? வீட்டுல அடுப்புப் பத்த வைக்கணும்" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. முடியும் என்று சொல்லி, சொன்னபடி அனுப்புகிற கடைக்கே அவள் மறுபடி வருவாள். அவள் காசு கொடுத்து வாங்குவதில் பாதி, அந்த நேர உறுதிதான்.

முதலில் செய்ய வேண்டியது பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்வது. கடைக்கு அருகே எந்த எந்தத் தொழிற்சாலை பஸ்கள் எத்தனை மணிக்கு நிற்கின்றன என்று ஒரு வாரம் நின்று கவனித்தாலே தெரிந்துவிடும். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஷிப்ட் ஏழு மணிக்கு மாறுகிறது. பஸ் பட்டணத்துக்கு வர ஏழு நாற்பது ஆகிறது. இது காலையிலும் உண்டு, இரவிலும் உண்டு. காலையில் இறங்குகிறவள் இரவு ஷிப்ட் முடித்தவள். இரவில் இறங்குகிறவள் பகல் ஷிப்ட் முடித்தவள்.

காலை வாடிக்கையென்றால் வேலைக்குப் போகிறவர்கள் என்றே பலர் நினைத்து ஐந்தரைக்கே கடையைத் திறக்கிறார்கள். அது வீண் அலைச்சல், ஆபத்தும்கூட. வேலைக்குப் போகிற பெண் ஐந்து நிமிடம் தாமதித்தால் பஸ் போய்விடும். பல தொழிற்சாலைகளில் ஒரு நாள் தவறினாலே அந்த மாதத்து வருகை அலவன்ஸ் கைவிட்டுப் போகும். ஒருத்திக்கு அப்படி ஆனால், மறுநாள் அந்த பஸ் முழுவதும் உங்கள் கடையின் பேச்சாகத்தான் இருக்கும். அவளை முதல்நாள் இரவே வரச் சொல்லுங்கள். காலை ஏழே முக்காலுக்கு வேலை முடித்து இறங்குகிறவளுக்காகத் திறங்கள். அவளுக்குத் தவறவிட பஸ் இல்லை. தூக்கம் மட்டுமே உண்டு. ஒன்பதுக்குள் விட்டுவிட்டால் போதும்.

அடுத்தது, அந்த நேரத்தில் எதைச் செய்வது, எதை மறுப்பது என்பது. விரைவுச் சேவை என்றால் கையை வேகமாக ஓட்டுவதன்று. அவசரப்பட்டு நூல் போட்டால் புருவத்தின் வால் போய்விடும், முளைக்க வாரக்கணக்காகும். சிறிது நேரத்தில் முடியும் வேலைகளை மட்டும் எடுப்பதே விரைவுச் சேவை. புருவத்துக்கு நூல் போடப் பழகிய கைக்கு எட்டு முதல் பத்து நிமிடம். மேலுதட்டுக்கு இன்னும் மூன்று நான்கு நிமிடம். தலை கழுவாமல் முடி நுனி வெட்ட இருபது நிமிடம். முக ஃபேஷியல் ஒரு மணி நேரம் பிடிக்கும், அது பகலுக்கு. முடிச் சாயமும் அப்படியே. முதன்முறை சாயம் கேட்டு வருகிறவளுக்குக் காதின் பின்புறம் சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகே போட வேண்டும். தோல் தடித்து அரிப்பெடுத்தால் அவளுக்குச் சாயமே ஆகாது. இதை அவசரத்தில் விட்டுவிட்டு, இரவோடு இரவாக முகம் வீங்கி மருத்துவமனைக்கு ஓடிய கதைகள் உண்டு. மெழுகு வைத்து முடி நீக்குவதானால் மெழுகு இளக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு அடுப்பை மூட்டினால் உங்கள் நேரக் கணக்கு அங்கேயே உடைந்தது.

வேலையிடத்தின் விதியும் தெரிந்திருக்க வேண்டும். மின்னியல் தொழிற்சாலையின் தூசி புகாத அறைகளில் வேலை செய்கிறவர்கள் பவுடர், மை, உதட்டுச்சாயம் எதுவும் பூசிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. நூல் போட்டு முடித்ததும் வழக்கம்போலப் பவுடரை அப்பினால், மறுநாள் அவள் வேறு கடை தேடுவாள். குளிர்ந்த நீர் நனைத்த துணியோ சிறிது கற்றாழைச் சாறோ போதும். சிவப்பு சிறிது நேரத்தில் தானே அடங்கும். ஒவ்வொருத்திக்கும் புது நூல் எடுங்கள். நூலைப் பல்லில் கடித்துப் பிடிப்பதை விட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. கடையில் முதலாளியம்மாவும் ஓர் உதவிப் பெண்ணும் இருக்கிறார்கள் என்று கொள்வோம். இரவு ஏழே முக்கால் முதல் ஒன்பதே கால் வரை தொண்ணூறு நிமிடம். நூல் நாற்காலிக்குக் கால் மணிக்கு ஓர் ஆள்: பத்து நிமிடம் வேலைக்கு, ஐந்து நிமிடம் தாமதத்துக்கு. அந்த ஐந்து நிமிடத்தையும் இன்னொரு ஆளால் நிரப்ப ஆசைப்படாதீர்கள். ஒருத்தி பிந்தினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் பிந்துவார்கள். ஆக ஆறு பேர். முடி வெட்டும் நாற்காலிக்கு அரை மணிக்கு ஓர் ஆள், மூன்று பேர். புருவம் மட்டும் 8 வெள்ளி, மேலுதட்டையும் சேர்த்தால் 12 வெள்ளி, நுனி வெட்ட 20 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், நூலுக்கு வந்த ஆறு பேரில் மூவர் இரண்டையும் செய்துகொள்ள, 60 வெள்ளி. வெட்டுக்கு 60 வெள்ளி. மொத்தம் 120. முதல் மாதத்தில் பாதிதான் நிரம்பும். 60 என்றே எண்ணுங்கள்.

இதில் உதவிப் பெண்ணின் சம்பளம்தான் பலருக்கு இடறுகிறது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் சிறு கடைகளுக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1700 வெள்ளி. வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது 2023 ஜனவரியில் வந்த மாற்றம். ஆறு நாள் வேலையென்றால் நாளுக்கு ஏழரை மணி; மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 70 காசு. காலை ஒன்பதுக்கே வந்த பெண்ணை இரவு வரை நிறுத்தினால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். சுமார் 20 வெள்ளி. அதோடு, ஒரே நாளின் வேலை தொடக்கம் முதல் முடிவு வரை, ஓய்வையும் சேர்த்து, பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. ஆகவே அவளை முற்பகல் பதினொன்றரைக்கு வரச் சொல்லி, இடையில் இரண்டே கால் மணி ஓய்வு கொடுத்து, ஒன்பதே காலுக்கு விடுங்கள். அப்போது அந்த இரவு நேரத்துக்கு அவள் கூலி ஏறக்குறைய 13 வெள்ளிதான். விளக்கு, நூல், துண்டு துவைப்பு என்று 7 வெள்ளி போட்டாலும், பாதி நிரம்பிய இரவிலேயே 40 வெள்ளி நிற்கும். காலை நேரத்தை முதலாளியம்மா தனியாகவே பார்த்துக்கொள்ளலாம். மூன்று பேர் வந்தாலும் நட்டமில்லை. ஆனால் இரு வேளையும் அவரே நிற்பதானால் பகலில் இரண்டு மணி நேரமாவது படுக்க வேண்டும். கடை உரிமத்தில் திறப்பு நேரம் குறித்திருக்கிறதா என்பதையும் நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். இரவு நேரத்தில் சலுகை கொடுக்கவே கூடாது. கொடுத்தால் பகலில் வரக்கூடிய இல்லத்தரசிகளும் இரவில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்; பஸ்ஸில் இறங்கியவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பிற்பகல் இரண்டு முதல் நான்குவரை 2 வெள்ளி குறைவு என்று பலகையில் எழுதுங்கள். அதையே திருப்பி, இரவுக்கு 2 வெள்ளி கூடுதல் என்று எழுதினால் கணக்கு ஒன்றுதான். ஆனால் மனம் புண்படும். தோட்டத்தில் காலை வேலை முடித்துக் குளித்துவிட்டு வருகிற அம்மாமாருக்கும் அந்தப் பிற்பகல் சலுகை நன்றாகப் பொருந்தும்.

நேர உறுதிக்கும் ஒரு விலை வைக்கலாம். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் நாற்காலி கொடுக்காவிட்டால் 2 வெள்ளி கழிவு என்பது அது. வாடிக்கையாளரே பிந்தி வந்தால் இது கிடையாது, அதையும் எழுதிவிடுங்கள். ஒரு நோட்டில் மூன்று நேரம் குறித்து வாருங்கள்: சொன்னது, உட்கார்ந்தது, எழுந்தது. ஓர் இரவில் ஒருவருக்குக் கழிவு போனால் பாதகமில்லை. மூன்று நான்கு பேருக்குப் போகிறதென்றால் நோட்டைப் புரட்டுங்கள். முதல் ஆளே பிந்தி உட்கார்ந்திருந்தால் பஸ் நேரத்தைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள். நேரத்துக்கு உட்கார்ந்து பிந்தி எழுந்திருந்தால், விரைவு வேலையல்லாத ஒன்றைத் தாட்சண்யத்துக்காக எடுத்திருக்கிறீர்கள்.

முன்பதிவுக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் பல தொழிற்சாலைகளில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். பகலில் அனுப்பும் செய்திக்கு உடனே பதில் வராது. முதல்நாள் இரவே கேட்டு உறுதி செய்யுங்கள். ஷிப்ட் மாறி மாறி வருவதால், "தங்கச்சி, இந்த மாசத்து ஷிப்ட் அட்டவணையை அனுப்பும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டால், யாரைக் காலைக்கு அழைப்பது, யாரை இரவுக்கு அழைப்பது என்று நீங்களே அறிவீர்கள். வாசலில் நல்ல வெளிச்சமும், அழைத்துப்போக வரும் அண்ணனோ கணவரோ உட்கார ஒரு பெஞ்சும் இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மகளைத் தனியே விடத் தயங்கும் வீடுகள் நம்மில் நிறைய.

இந்த ஏற்பாடு ஒரு காலத்தில் மட்டும் நடக்காது. தீபாவளிக்கு முந்திய பத்து நாளில் மருதாணிக்கும் ஃபேஷியலுக்கும் சேலை கட்டிப் பார்க்கவும் ஒரே கூட்டமாக வருவார்கள். எந்த அட்டவணையும் நிற்காது. அந்த நாட்களில் விரைவுச் சேவையும் கழிவும் இல்லை என்று ஒரு மாதம் முன்பே வாசலில் எழுதி ஒட்டிவிடுங்கள்.