ஒரே தண்ணீர், இரண்டு கணக்கு

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஏழு சுவர்களை ஒட்டி ஒட்டி வரையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கட்டம் அகலம். உயரம் இடமிருந்து வலமாக 3, 1, 0, 2, 5, 1, 4 கட்டங்கள். 0 என்றால் அங்கே வெறும் தரை. மழை கொட்டி ஓய்ந்தபின், சுவர்களுக்கிடையே எத்தனை கட்டம் தண்ணீர் தேங்கி நிற்கும்?

புரோகிராமர் வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள் பலரும் அறிந்த கேள்வி இது. லீட்கோட் தளத்தில் இதன் எண் 42.

நீலப் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். 1, 0, 2 ஆகிய சுவர்களின் மேல் முறையே 2, 3, 1 கட்டம் நிரம்பும். 5-க்கும் 4-க்கும் நடுவிலுள்ள குழியில் 3 கட்டம். மொத்தம் 9. ஓர் இடத்தில் நீர்மட்டம் எதுவரை ஏறும் என்பதை, அதன் இருபுறமும் உள்ள மிக உயரமான சுவர்களில் எது குட்டையோ அதுதான் தீர்மானிக்கிறது. அந்த மட்டத்திலிருந்து அந்த இடத்துச் சுவரின் உயரத்தைக் கழித்தால் தண்ணீர் கிடைத்துவிடும்.

ஆனால் ஒவ்வொரு சுவருக்கும் இருபுறமும் கடைசிவரை தேடினால் வேலை மலையாகிவிடும். 20,000 சுவர்களுக்கு ஏறத்தாழ 40 கோடி முறை பார்க்க வேண்டிவரும். இந்தத் தேடலைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு.

இரண்டு சுட்டிகள்

ஒரு விரலை இடது ஓரத்திலும் இன்னொன்றை வலது ஓரத்திலும் வையுங்கள். எந்த விரலின் கீழ் குட்டைச் சுவர் இருக்கிறதோ, அதை மட்டும் உள்நோக்கி நகர்த்த வேண்டும். நகரும்போது அந்தப் பக்கத்தில் இதுவரை கண்ட பெரிய உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இடது ஓரம் 3, வலது ஓரம் 4. ஆகவே இடது விரல் நகர்கிறது. அடுத்த சுவர் 1, இடப்பக்க உச்சம் 3, தண்ணீர் 2. நடுவில் வேறென்ன சுவர்கள் இருக்கின்றன என்று பார்க்காமலே இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது? வலது ஓரத்தில் 4 நிற்பது தெரியும். நடுவில் 100 உயரத்தில் ஒரு சுவர் இருந்தாலும், இடப்பக்கம் 3 என்பதால் நீர் அதற்கு மேல் ஏறாமல் வழிந்துவிடும். அப்படியே 3, பிறகு 1 என்று எண்ணிக்கொண்டே 5-ஐ அடைகிறோம். இப்போது வலப்பக்கம்தான் குட்டை. வலது விரல் நகர்ந்து, குழியில் 3 கட்டம் எண்ணுகிறது. 2 + 3 + 1 + 3 = 9.

பலர் இடறுவது எந்த விரலை நகர்த்துவது என்பதில்தான். வலது விரலையே விடாமல் நகர்த்தியிருந்தால், 5-ஐத் தாண்டியதும் வலப்பக்க உச்சம் 5 ஆகியிருக்கும். 2-இன் மேல் 3 கட்டம் என்று எழுதியிருப்போம். உண்மையில் அங்கே நிற்பது 1 கட்டம்தான்.

ஸ்டாக்

ஸ்டாக் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு. கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். இடமிருந்து வலமாக ஒரே நடை. வருகிற சுவர் குட்டையாக இருக்கும்வரை அதன் இட எண்ணை அடுக்கில் வைக்கிறோம். உயரமான சுவர் வந்தால் ஒரு பள்ளத்துக்கு வலக்கரை கிடைத்துவிட்டது. அடுக்கின் மேலே இருப்பது பள்ளத்தின் தரை. அதை எடுத்துவிட்டால் அடியில் தெரிவது இடக்கரை.

3, 1, 0 ஆகியவை அடுக்கில் இருக்கும்போது 2 வருகிறது. 0-ஐ எடுக்கிறோம், 1-க்கும் 2-க்கும் நடுவே ஒரு கட்டம் நீர். அடுத்து 1-ஐ எடுக்கிறோம். 3-க்கும் 2-க்கும் நடுவே 2 கட்ட அகலத்தில் ஒரு படலம். பிறகு 5 வருகிறது. 2-ஐ எடுத்தால், 3-க்கும் 5-க்கும் நடுவே 3 கட்ட அகலத்தில் இன்னொரு படலம். கடைசியில் 4 வந்ததும் குழியின் 3 கட்டம். 1 + 2 + 3 + 3 = 9.

முதல் பள்ளத்தின் 6 கட்டங்களைச் சுட்டிகள் 2, 3, 1 என்று நெடுக்காக எண்ணின. ஸ்டாக் 1, 2, 3 என்று கிடையாக, அடியிலிருந்து மேலே எண்ணியது.

இங்கே வழக்கமான பிழை, இட எண்ணுக்குப் பதில் உயரத்தை அடுக்கில் வைப்பது. அப்போது படலத்தின் அகலம் தெரியாது. எல்லா அகலத்தையும் 1 என்று கொண்டால் விடை 9-க்குப் பதில் 6 என்று வரும்.

எது எப்போது?

ஸ்டாக்கில் ஒவ்வொரு சுவரும் ஒருமுறை உள்ளே போகிறது, அதிகபட்சம் ஒருமுறை வெளியே வருகிறது. ஆகவே வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நினைவகத்தில் சுட்டிகள் கை ஓங்கியவை. எத்தனை சுவர் இருந்தாலும் நான்கைந்து எண்கள் போதும். படிக்கட்டுபோல இறங்கிக்கொண்டே போகும் சுவர்கள் வந்தால் ஸ்டாக் அத்தனையையும் சுமக்க வேண்டும்.

ஆனால் சுட்டிகளுக்குத் தொடக்கத்திலேயே வலது ஓரம் தெரிய வேண்டும். சுவர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தால், முடிவு தெரியாமலே அந்தந்த நேரத்துக் கணக்கைச் சரியாகச் சொல்வது ஸ்டாக்தான்.

நான் இரண்டையும் எழுதி, கண்டபடி எடுத்த சிறு சிறு சுவர் வரிசைகளை இரண்டுக்கும் கொடுத்து விடைகளை ஒப்பிடுவேன். ஒன்று நெடுக்காகவும் மற்றது கிடையாகவும் எண்ணுவதால், ஒரே பிழையை இரண்டும் செய்வது அரிது. விடை மாறும் இடத்தில் கட்ட நோட்டையும் நீலப் பென்சிலையும் எடுத்தால், எது தவறு என்று தெரிந்துவிடும்.