கவுண்டரில் முதல் வாக்கியம்

"அவர் தவறிட்டாருங்க." வங்கிக் கவுண்டரில் பாஸ்புக்கை நீட்டியபடி ஒரு பெண்மணி சொல்கிறார். கணவர் போய் ஒன்பது நாள் ஆகிறது. உள்ளே இருப்பவர் பழக்கத்தில், "டெத் கிளைமா? மூணாவது கவுண்டர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டால், வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படிச் சொல்லலாம்: "கேட்கவே கஷ்டமா இருக்கும்மா. உட்காருங்க. என்ன செய்யணும்னு நான் எழுதியே தரேன்." இதற்கு மேல் ஆறுதல் வேண்டாம். "எப்படி ஆச்சு? என்ன வயசு?" என்று தொடங்கினால், வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன கதையை அவர் இங்கும் சொல்ல வேண்டியிருக்கும். தேதியும் பெயரும் தேவைதான். அவற்றைக் கேட்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம்: "படிவத்துல எழுதணும், அதனால கேட்கிறேன். சார் எந்தத் தேதியில காலமானார்?" கணக்குப் புத்தகத்தில் அவர் 'டிசீஸ்டு', மனைவியிடம் பேசும்போது அவர் இன்னும் 'சார்'தான்.

அடுத்தது நாமினி. "நாமினியா உங்க பேர்தாம்மா இருக்கு. இறப்புச் சான்றிதழ், உங்க ஆதார், பூர்த்தி செய்த படிவம், மூணும் கொண்டு வாங்க. எல்லாம் சரியா இருந்தா பதினைந்து நாளுக்குள்ள முடிச்சுடணும்கிறது ரிசர்வ் வங்கி விதி." நாமினி இருக்கும்போது வாரிசுச் சான்றிதழ் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது. ஆனால் "பணம் முழுக்க உங்களுக்குத்தான்" என்றும் சொல்லிவிடக் கூடாது. சட்டப்படி நாமினி வாரிசுகளின் சார்பில் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே. "நீங்க வாங்கிக்கலாம். மத்த வாரிசுகளோட பங்கு அப்படியே இருக்கும்" என்பதே சரி.

ஏடிஎம் கார்டைப் பற்றிச் சொல்லும்போது குற்றம் சாட்டும் தொனி வரக் கூடாது. "இனிமே இந்தக் கார்டுல எடுக்கக் கூடாது" என்றால் திருடியவரைக் கண்டிப்பது போல் ஒலிக்கும். "கார்டை இங்கயே கொடுத்துடுங்கம்மா. இதுல எடுத்தா பின்னால உங்களுக்குத்தான் சிக்கல்" என்றால் அவர் பக்கம் நின்று பேசுவதாகும்.

அவராகக் கேட்கத் தெரியாத ஒன்றை ஊழியரே பார்க்க வேண்டும். பாஸ்புக்கில் ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாய் பிடித்திருந்தால், அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடாக இருக்கலாம். அதில் இழப்பீடு இரண்டு லட்சம். ஆனால் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்றாகிவிட்டால், அது இன்னொரு அடி. "ஒரு காப்பீடு இருக்கிற மாதிரி தெரியுது. உறுதியானதும் நானே போன் பண்றேன்" என்பது போதும்.

வழியனுப்பும்போது நாக்கு தானாக "நன்றி, மீண்டும் வாங்க" என்று சொல்ல வரும். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்வதில்லையே. இங்கே சீட்டைக் கையில் கொடுத்து, "சான்றிதழ் கிடைச்சதும் நேரா என்கிட்டயே வாங்கம்மா" என்றால் போதும். அடுத்த முறை "அவர் தவறிட்டாருங்க" என்று முதலிலிருந்து வேறொருவரிடம் அவர் சொல்ல வேண்டியிருக்காது.