உஷார்! 50 கேபி-க்குள் அடைத்த போட்டோவில் முகமே காணோம்!

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். செல்போனில் எடுத்த 4 எம்பி போட்டோவை, "இதைக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்கண்ணே" என்று தெரிந்தவருக்குத் தட்டிவிடுகிறீர்களா? நில்லுங்கள்! அளவைச் சொல்லாமல் அனுப்பினால், அவர் எதைக் குறைப்பார் என்று யாருக்கும் தெரியாது.

வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் தேர்வையே எடுத்துக்கொள்வோம். போட்டோ 20 முதல் 50 கேபி வரை இருக்கலாம். 200 x 230 பிக்சல் இருந்தால் நல்லது என்கிறது அறிவிப்பு. உங்கள் போன் எடுத்ததோ 3000 x 4000, அதாவது 1.2 கோடி புள்ளிகள். அவசரக்காரர்கள் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு, தரத்தை மட்டும் அதலபாதாளத்துக்கு இறக்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 கேபி என்பது சுமார் 50,000 பைட். ஒரு பைட்டை 240 புள்ளிகள் பங்குபோட வேண்டும்! கன்னம் கட்டம் கட்டமாகிவிடும், கண்ணும் புருவமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போன் திரையில் சின்னதாகப் பார்க்கும்போது இது தெரியாது, அதுதான் ஆபத்து. கணினியில் 100 சதவீத அளவில் திறந்து பார்க்காமல் பதிவேற்றாதீர்கள்.

புள்ளிகளைக் குறைத்தால் கதையே வேறு. 200 x 230 என்றால் மொத்தம் 46,000 புள்ளிதான். புள்ளிக்கு ஒரு பைட் வீதம் கிடைத்துவிடும், முகம் தெளிவாக நிற்கும்.

ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 3000 x 4000 படத்தை நேரே 200 x 230 ஆக்கினால் முகம் பக்கவாட்டில் உப்பிவிடும். முதலில் 3000 x 3450 அளவுக்கு வெட்டுங்கள். பிறகு பிக்சலைக் குறையுங்கள். தரத்தில் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு இணையதளத்தைத் திட்டுகிறார்கள். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் சேமிக்கும்போது Quality என்ற எண் வரும். 80 வைத்து 14 கேபி வந்தால் "சின்னதாச்சு" என்று மகிழாதீர்கள், 20-க்குக் கீழே போனாலும் நிராகரிப்புத்தான்! எண்ணை 95-க்கு ஏற்றிப் பாருங்கள்.

மின்னஞ்சலுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் ஜிமெயிலின் 25 எம்பி வரம்பை நம்பி 24 எம்பி இணைக்காதீர்கள்; அனுப்பும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் நீளப் பக்கம் 1600 பிக்சல் தாராளம். அச்சுக்கு என்றால் குறைக்கவே குறைக்காதீர்கள்.

சுருக்கிய படத்தை அசல் கோப்பின் பெயரிலேயே சேமித்துவிடாதீர்கள். போன புள்ளிகள் திரும்ப வராது. 50 கேபி படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் அது தன் பங்குக்குப் பிழிந்துவிடும். கையெழுத்துப் படத்தை மட்டும் பெயர் தெரியாத 'இலவசமாகச் சுருக்கித் தரும்' தளங்களில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அந்த வேலையை உங்கள் கணினியிலேயே முடித்துக்கொள்ளலாம்.