கையில் ஒன்றரை லட்சம் வர எவ்வளவு சம்பளம்?

“மாதம் சுளையாக ஒன்றரை லட்சம் கையில் வரும், வரி எங்கள் பொறுப்பு” என்று சொல்லி ஒரு நிறுவனம் ஆளெடுக்கிறது. ஆண்டுக்கு 18 லட்சம். அப்படியானால் மொத்தச் சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும்? 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி கணக்குப் போடுவோம்.

பலரும் 18 லட்சத்துக்கு எவ்வளவு வரி என்று பார்க்கிறார்கள். நிலையான கழிவு 75,000 போக 17,25,000. அதற்கு வரி, 4 சதவீத செஸ்ஸோடு 1,50,800. இரண்டையும் கூட்டி 19,50,800 என்று ஆஃபர் லெட்டரில் போட்டுவிடுகிறார்கள். சம்பளம் வரும்போது மாதம் சுமார் 2,600 ரூபாய் குறைகிறது. ஏனென்றால், வரிக்காகக் கூட்டிக் கொடுத்த பணமும் ஊழியரின் வருமானம்தான். அந்த 1,50,800-க்கும் 20 சதவீத வரி உண்டு. செஸ்ஸோடு 20.8 சதவீதம், அதாவது 31,366 ரூபாய். அதையும் கொடுத்தால் அதற்கு 6,524 வரி. இப்படியே தேய்ந்துகொண்டு போகும்.

இதற்குக் குறுக்குவழி வகுத்தல். கூடுதலாகத் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் 79.2 காசுதான் ஊழியருக்கு மிஞ்சும். ஆகவே 1,50,800-ஐ 0.792-ஆல் வகுத்தால் 1,90,404 வருகிறது. மொத்தச் சம்பளம் 19,90,404. கழிவு போக 19,15,404-க்கு வரி போட்டுப் பாருங்கள், அதே 1,90,404 வரும். கையில் சரியாக 18 லட்சம். பி.எஃப். மாதம் 1,800 பிடிப்பதாக இருந்தால் ஆண்டுக்கு 21,600. புதிய முறையில் அதற்கு விலக்கு இல்லை என்பதால் அதையும் 0.792-ஆல் வகுத்து, 27,273 ரூபாய் சேர்க்க வேண்டும்.

கூட்டிய தொகை முழுவதும் ஒரே வரி அடுக்குக்குள் நின்றால்தான் இந்த வழி சரிப்படும். இங்கே 16 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடையிலேயே நின்றுவிட்டது. அடுக்கு மாறினால் துண்டு துண்டாகப் போட வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் 12 லட்சத்து எல்லை. வரிக்குரிய வருமானம் அதுவரை இருந்தால் வரி இல்லை. எனவே 12,75,000 சம்பளம் அப்படியே கைக்கு வரும். அதைத் தாண்டினால் முதல் 70,000 சொச்சம் முழுவதும் வரிக்கே போய்விடுகிறது. “கையில் 13 லட்சம்” என்று வாக்குக் கொடுத்தவர் 13,78,555 தர வேண்டியிருக்கும். ஊழியருக்குக் கூடுவது 25,000, நிறுவனத்துக்குக் கூடுவது 1,03,555! சம்பளம் பேசுகிறவர்கள் இந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் பேசுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வாக்கை எழுத்தில் வாங்கும்போது எந்த வரிமுறை, பி.எஃப். போன பிறகா முன்பா என்பதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். வீட்டு வாடகையோ வங்கி வட்டியோ உங்களுக்கு வந்தால் அதற்கான வரி யார் தலையில் என்பதும், பட்ஜெட்டில் வரி விகிதம் மாறினால் லாபமும் நஷ்டமும் யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.