சுரண்டலுக்குப் பின் நின்றுபோன மாதவிடாய்

ஓர் ஆண்மகன் எழுதத்தக்க விஷயமா இது என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நாக்பூரில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. மருத்துவமனைக்கு உடன் சென்று, ஹிந்தியில் டாக்டர் சொன்னதைத் தமிழில் எடுத்துரைத்தவன் நானே. ஆகவே எழுதத் துணிகிறேன்.

என் மனைவியின் தங்கைக்கு வயது இருபத்தேழு. பத்தாம் வாரத்தில் கரு கலைந்தது. உள்ளே மிச்சம் தங்கியிருக்கிறதென்று ஒரு மருத்துவமனையில் கருப்பையைச் சுரண்டினார்கள். இரத்தப்போக்கு நிற்காமையால் மூன்று வாரம் கழித்து மறுபடியும் சுரண்டினார்கள். அதன் பின் முதல் மாதவிடாய் ஒரே நாளில், வெறும் கறையாக முடிந்தது. முன்பெல்லாம் ஐந்து நாள் நீடிப்பது அவளுக்கு வழக்கம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாம் மாதம் முதல் ஒன்றுமே இல்லை.

"உடம்பில் இரத்தம் குறைந்துவிட்டது, அதனால்தான்" என்று ஊரிலிருந்து மாமியார் லேகியம் அனுப்பினார். நாங்களும் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தோம். நான்கு மாதங்கள் இப்படியே வீணாகக் கழிந்தன.

ஒரு நாள் அவள் தன் அக்காளிடம், "மாதாமாதம் மார்பு கனத்து வலிக்கிறது, நாலைந்து நாளில் தணிந்துவிடுகிறது, தூரம் மட்டும் ஆவதில்லை, அக்கா" என்றாள். பிறகு நாங்கள் கலந்துகொண்ட பெண் மருத்துவர் இச்சொல்லையே பிடித்துக்கொண்டார். சூலகம் தன் வேலையைச் சரிவரச் செய்து வருகிறது என்பதற்கு அது ஓர் அறிகுறியாம். அப்படியானால் கோளாறு கருப்பைக்குள்ளேயே இருக்கலாம்.

அவர் விளக்கியது இது. கருப்பையின் உட்புறத்தை மூடிய சவ்வு இரண்டு அடுக்குகள் கொண்டது. மேலடுக்கு மாதந்தோறும் வளர்ந்து உதிர்வது. அடியடுக்கோ அதனை மறுபடி முளைப்பிக்கும் வேர். கூரிய கருவி ஆழமாகச் சென்று அடியடுக்கையும் சிதைத்துவிட்டால், முன்சுவரும் பின்சுவரும் புண்பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பாகிவிடும். கர்ப்பம் கலைந்த பின்னும் பிரசவத்தின் பின்னும் கருப்பை மென்மையாக இருப்பதால், அக்காலத்துச் சுரண்டல், அதிலும் இரண்டாம் முறைச் சுரண்டல், அதிக அபாயமுடையது. 1948இல் ஜோசப் அஷர்மன் என்ற மருத்துவர் இதனை விரிவாக எழுதியமையால் அவர் பெயரே இந்நோய்க்கு வழங்குகிறது. சிலருக்குக் கருப்பையின் வாய் மட்டும் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்கு உதிரம் வெளிவர வழியின்றி மாதந்தோறும் அடிவயிற்றில் கடும் வலி எடுக்கும். என் மைத்துனிக்கு அவ்வலி இல்லை.

முதலில் மீண்டும் கர்ப்பமில்லை என்று உறுதி செய்தார். தைராய்டு முதலிய இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தன. பிறகு ஈஸ்ட்ரஜன் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்து, கடைசிப் பத்து நாள் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தார். இவற்றை நிறுத்திய சில நாட்களில் உதிரம் காண வேண்டும், காணவில்லை. ஹார்மோன் கிடைத்தும் உதிர்வதற்குச் சவ்வு இல்லை என்பதே இதன் பொருள். ஸ்கேனிலும் சவ்வு மெல்லிய கோடாகவே தெரிந்தது. ஆயினும் ஸ்கேனை மட்டும் கொண்டு முடிவு கூற இயலாது என்றார்.

ஐயத்தை அறவே தீர்ப்பது ஹிஸ்டெராஸ்கோப்பி. விளக்கும் காமிராவும் பொருந்திய மெல்லிய குழலைக் கருப்பையின் வாய் வழியே செலுத்தி உள்ளே நேராகப் பார்ப்பது. வயிற்றில் கீறல் இல்லை. பார்த்தபோது நடுவே தூண் போல ஒரு தழும்பும், ஓரத்தில் சில இழைகளும் இருந்தன. அதே குழல் வழியே சிறு கத்தரிக்கோலைச் செலுத்தி அவற்றை வெட்டிப் பிரித்தார். கண்ணால் பாராமல் மறுபடி சுரண்டித் திறக்க முயல்வது தழும்பைப் பெருக்குமாம். சவ்வில் ஒரு துணுக்கைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பினார். நம் நாட்டில் கருப்பைக் காசநோயும் இப்படியே தழும்பை உண்டாக்கும், அதற்குச் சிகிச்சை வேறு. நல்லவேளையாக அது இல்லை.

வெட்டிய சுவர்கள் திரும்ப ஒட்டாதிருக்கச் சிறு பலூன் ஒன்றைச் சில நாள் உள்ளே வைத்தார். சவ்வு வளர ஈஸ்ட்ரஜன் மாத்திரையும் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி குழல் விட்டுப் பார்த்தபோது ஓரிடத்தில் மெல்லிய இழை புதிதாக ஓடியிருந்தது, அதையும் நீக்கினார். தழும்பு மிகுந்தவர்களுக்கு இப்படித் திரும்ப ஒட்டுவது சாதாரணமே என்றும், அடியடுக்கு முழுதும் அழிந்திருந்தால் எந்தச் சிகிச்சையும் அதை மீட்டுத் தராது என்றும் ஒளிக்காமல் கூறினார்.

இப்பொழுது அவளுக்கு மாதவிடாய் மூன்று நாள் வருகிறது. முதல் சுரண்டலே தேவைதானா என்று நான் கேட்டேன். மிச்சத்தை மாத்திரையால் வெளியேற்றலாம், அல்லது உறிஞ்சு கருவியால் எடுக்கலாம். கூரிய கருவியால் சுரண்டுவதை உலக சுகாதார நிறுவனமே விலக்கச் சொல்லியிருக்கிறது என்றார். அன்று அந்த மருத்துவமனையில் எங்களுக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

இனிக் கருத்தரித்தால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாகப் பதிந்து, பிரசவத்தில் பிரியாமல் பெரும் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். ஆதலால் எந்த ஊரில் பிரசவம் பார்த்தாலும் தொடக்கத்திலேயே இவ்வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் நமக்கு உண்டல்லவா? அத்தாளையும் இரண்டு சுரண்டல்களின் டிஸ்சார்ஜ் சீட்டுகளையும் என் மனைவி ரேஷன் கார்டு இருக்கும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.