முன்னிடைச்சொல் இறுதியும் பிளவுபட்ட வினையெச்சமும்: ஆங்கில இலக்கணத்தில் விதியும் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத் தொடரை முன்னிடைச்சொல்லில் முடித்தல் பிழை; 'டு' என்னும் சொல்லுக்கும் அதை அடுத்துவரும் வினைக்கும் இடையே வினையடையை வைத்தல் பிழை. இவ்விரு விதிகளும் ஆங்கிலம் பயிற்றுவிக்கும் வகுப்பறைகளில் நெடுங்காலமாக வழங்கிவருகின்றன. இவை தோன்றிய சூழலையும் இவற்றுக்கு எதிரான மொழிச் சான்றுகளையும் எடுத்துக்காட்டி, விதிமுறை இலக்கணத்திற்கும் விளக்கமுறை இலக்கணத்திற்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விதிமுறை இலக்கணம், விளக்கமுறை இலக்கணம், முன்னிடைச்சொல், பிளவுபட்ட வினையெச்சம், வழக்கு.

முன்னுரை

ஒரு மொழியைப் பேசுவோர் எவ்வாறு பேச வேண்டும் என்று வரையறுப்பது விதிமுறை இலக்கணம். அவர்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் கண்டு, அதன் அடியில் உள்ள ஒழுங்கை எடுத்துரைப்பது விளக்கமுறை இலக்கணம். பின்னது எதையும் சரி என ஏற்கும் இலக்கணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது பொருந்தாது. விளக்கமுறை இலக்கணமும் விதிகளையே தருகிறது. அவ்விதிகளுக்குச் சான்று மொழியின் வழக்கிலிருந்து வர வேண்டும் என்பதே வேறுபாடு. மேற்கூறிய இரு விதிகளையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

முன்னிடைச்சொல் இறுதி: விதியின் வரலாறு

பென் ஜான்சன் 1611இல் எழுதிய 'காடிலைன்' நாடகத்தில் ஒரு தொடர் முன்னிடைச்சொல்லில் முடிவதை, 1672இல் ஜான் டிரைடன் குற்றமாகச் சுட்டினார். ஜான்சன் மறைந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அது ஏன் குற்றம் என்பதற்கு டிரைடன் காரணம் எதுவும் கூறவில்லை. தம் எழுத்திலும் அக்குற்றம் உள்ளதென ஒப்புக்கொண்ட அவர், 1668இல் வெளியிட்ட நாடகக்கலை பற்றிய தம் கட்டுரையை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய தொடர்களைத் திருத்தி அமைத்தார். ஆங்கிலத்தில் நல்ல புலமையுடைய ஒருவரே தம் இயல்பான நடையைப் பின்னாளில் ஒரு விதிக்காக மாற்றினார் என்பது கருதத்தக்கது.

இவ்விதியைப் பிற்காலத்தார் இராபர்ட் லௌத் என்பவர்மீது ஏற்றிக் கூறுவதுண்டு. 1762இல் வெளிவந்த அவருடைய இலக்கண நூல் கூறுவது வேறு. முன்னிடைச்சொல்லை இறுதியில் வைப்பது ஆங்கிலத்திற்கு இயல்பானது என்றும், உரையாடலிலும் எளிய நடையிலும் அது பொருந்தும் என்றும் அவர் எழுதினார். அதை முன்னே வைப்பது கூடுதல் அழகு என்றும், உயர்ந்த நடைக்கு அது மிகவும் பொருந்தும் என்றும் கூறினார். அவ்வாறு கூறும் தொடரையே அவர் முன்னிடைச்சொல்லில் முடித்திருக்கிறார். லௌத் நடை வேறுபாட்டைத்தான் குறித்தார். பின்வந்த பாடநூல்கள் அதைச் சரி, பிழை என்னும் வேறுபாடாக்கின.

வழக்கு காட்டும் விதி

'அவன் குடியிருக்கும் வீடு' என்பதை ஆங்கிலத்தில் இருவகையாகச் சொல்லலாம்: 'தி ஹவுஸ் இன் விச் ஹி லிவ்ஸ்', 'தி ஹவுஸ் விச் ஹி லிவ்ஸ் இன்'. முன்னது செம்மை நடை, பின்னது இயல்பு நடை. 'விச்' இருக்கும் இடத்தில் 'தட்' வந்தால் நிலைமை மாறுகிறது. 'தி ஹவுஸ் தட் ஹி லிவ்ஸ் இன்' என்பது மட்டுமே ஆங்கிலம். 'தி ஹவுஸ் இன் தட் ஹி லிவ்ஸ்' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் கூறுவதில்லை. இத்தொடரில் முன்னிடைச்சொல் இறுதியில் வருவது கட்டாயம். 'நத்திங் டு டாக் அபௌட்' (பேசுவதற்கு ஒன்றுமில்லை) போன்ற தொடரிலும் அவ்வாறே. தடைவிதியை முழுமையாகப் பின்பற்றினால் இத்தொடர்கள் அனைத்தையும் கைவிட வேண்டியிருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'எந்த அளவுக்கு அவன் உடன்பட்டான்' என்னும் பொருளில் 'டு வாட் எக்ஸ்டென்ட் டிட் ஹி அக்ரீ' என்பதே வழங்கும். அங்கு 'டு' என்பதை இறுதிக்குக் கொண்டுசெல்ல இயலாது. எங்கே இறுதியில் வர வேண்டும், எங்கே வரக் கூடாது, எங்கே இரண்டும் இயலும் என்று வகுத்துக் காட்டுவதே விளக்கமுறை விதி. எவரும் கற்பிக்காமலே அம்மொழியினர் அதைக் கடைப்பிடிக்கின்றனர்.

தமிழில் இச்சிக்கல் எழுவதில்லை. 'அவன் குடியிருக்கும் வீடு' என்னும் பெயரெச்சத் தொடரில் 'இல்' உருபு வெளிப்பட நிற்பதே இல்லை. எனவே தமிழ் மாணவர் இதில் தம் மொழியறிவைத் துணைக்கொள்ள இயலாமல், பாடநூல் விதியையே முழுமையாக நம்ப நேர்கிறது.

பிளவுபட்ட வினையெச்சம்

இரண்டாம் விதி மிகவும் பிற்பட்டது. லௌத் அதைக் கூறவில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் அது எழுகிறது. கேன்டர்பரியின் டீனாக இருந்த ஹென்றி ஆல்ஃபர்ட், 1864இல் வெளியான 'தி குயீன்ஸ் இங்கிலீஷ்' நூலில், 'டு' என்பதையும் வினையையும் பிரித்தல் ஆங்கிலேயர் அறியாத வழக்கு என்றார். இலத்தீனில் இவ்வெச்சம் தமிழின் 'செய்ய' என்பது போல ஒரே சொல்லாக நிற்பதால் இத்தடை பிறந்தது என்று இன்று கூறுவதுண்டு. ஆல்ஃபர்ட் இலத்தீனைக் காரணமாகக் காட்டவில்லை. அவர் கூறியது வழக்கைப் பற்றிய ஒரு செய்தி. ஆகவே அதை மெய்யா பொய்யா என்று சோதிக்க முடியும். இடைக்கால ஆங்கிலத்திலேயே இவ்வாறு பிரித்தெழுதிய தொடர்கள் உள்ளன. 14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃபின் எழுத்துகளிலும் காணப்படுகின்றன. எனவே அச்செய்தி மெய்யன்று.

'டு' வினையின் பகுதி என்பதும் ஐயத்திற்குரியது. 'ஐ டு நாட் வான்ட் டு' என்று வினையை விட்டுவிட்டு 'டு' மட்டும் நிற்கலாம். 'டு ரீட் அண்ட் ரைட்' என்பதில் ஒரு 'டு' இரு வினைகளுக்குப் பொதுவாக நிற்கிறது. ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோர் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமும் 'டு' என்பதை வினையின் பகுதியாகக் கொள்ளவில்லை. அவ்வாறாயின் இங்குப் பிளவுபடுவதற்கு ஒன்றுமில்லை.

விதியைக் கடைப்பிடிப்பதால் பொருள் மாறுவதைப் பின்வரும் சான்றில் காணலாம். 'தி கமிட்டி டிசைடட் டு இம்மீடியட்லி ஸ்டாப் தி பேமென்ட்' என்றால், பணம் வழங்குவதை உடனே நிறுத்தக் குழு முடிவு செய்தது என்று பொருள். வினையடையை 'டு' என்பதற்கு முன்னே நகர்த்தி 'டிசைடட் இம்மீடியட்லி டு ஸ்டாப்' என்று திருத்தினால், குழு உடனே முடிவெடுத்தது என்று பொருள்படும்; நிறுத்தம் எப்போது என்பது தெரியாது. வினையடையைத் தொடரின் இறுதிக்குக் கொண்டுசென்றால் இங்குப் பொருள் கெடாது. ஆனால் செயப்படுபொருள் நீண்டதாயின் வினையடை தன் வினையிலிருந்து விலகி, அருகிலுள்ள வேறு வினையைத் தழுவிவிடும். 'டு மோர் தன் டபுள்' (இருமடங்குக்கு மேல் பெருக்க) என்னும் தொடரிலோ, இடையில் நிற்கும் சொற்களுக்கு வேறு இடமே இல்லை. நீண்ட அடைத்தொடரை இடையில் வைத்தால் வாசிப்பு இடறும் என்பதும் உண்மை. அது நடையின் குறையே அன்றி இலக்கணப் பிழை அன்று.

முடிவுரை

ஓர் இலக்கண விதியை ஏற்பதற்கு முன் இரு வினாக்களை எழுப்பலாம். அம்மொழியின் தேர்ந்த எழுத்தாளர்கள் விதியை மீறியே எழுதுகின்றனரா? விதியைப் பின்பற்றித் திருத்தினால் தொடர் பொருள் மாறுகிறதா, அல்லது மொழிக்கே அயலாகிறதா? 'இன் தட்' என்னும் அமைப்பு எவர் எழுத்திலும் வராததால் அதைப் பிழை எனக் குறிப்பது தகும். முன்னிடைச்சொல் இறுதியும் பிளவுபட்ட வினையெச்சமும் அத்தகைய பிழைகள் அல்ல. மாணவர் எழுதிய 'டு இம்மீடியட்லி ஸ்டாப்' என்பதை அடித்துத் திருத்தும் ஆசிரியர், பல வேளைகளில் அவர் சொல்ல எண்ணிய பொருளையே மாற்றிவிடுகிறார். இவ்விரு அமைப்புகளும் எந்நடைக்குப் பொருந்தும் என்று கற்பிப்பதே, லௌத் 1762இல் குறித்த நிலைக்கும் வழக்கின் சான்றுக்கும் இயைந்ததாகும்.